366 நாள் வைத்திருந்தும் குறுகிய கால ஆதாயம்தான்: என் ரிட்டர்னில் நடந்தது

2025 ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, புரோக்கர் அனுப்பிய மூலதன ஆதாய அறிக்கையில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ஒரு வருடம் முழுசாக வைத்திருந்து விற்றதாக நான் நினைத்திருந்த 300 பங்குகள் குறுகிய காலப் பட்டியலில் இருந்தன. தவறாகச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து உடனே மின்னஞ்சல் அனுப்பினேன். அறிக்கை சரிதான் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. ஏன் சரி என்று அதில் இல்லை. அந்த ஏன் என்பதைத் தேடிப்போன கதைதான் இது.

விவரம் இதுதான். 2023 டிசம்பர் 12 அன்று ஒரு நிறுவனத்தின் 300 பங்குகளை ரூ.400 வீதம் வாங்கினேன். 2024 டிசம்பர் 12 அன்று அவற்றை ரூ.900க்கு விற்றேன். தரகுக் கட்டணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் லாபம் ரூ.1,50,000. விற்பதற்கு முன்பு எக்செல்லில் இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்தேன். 366 என்று வந்தது. வருடத்துக்கு 365 நாள், ஒரு நாள் கூடுதலாகவே ஆகிவிட்டது என்று நிம்மதியாக விற்றேன்.

அந்த 366இல்தான் பிழை. 2024 லீப் வருடம். பிப்ரவரி 29 நடுவில் வந்ததால் எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது. ஆனால் சட்டம் நாட்களை எண்ணுவதில்லை, மாதங்களை எண்ணுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கை, விற்ற தேதிக்கு உடனடியாக முந்தைய 12 மாதங்களுக்கு மேற்படாமல் வைத்திருந்தால் அது குறுகிய கால மூலதனச் சொத்து. நான் விற்றபோது அமலில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(42A) பிரிவு சொன்னது இதைத்தான். மாதம் என்றால் நாட்காட்டி மாதம். அதில் 29 நாள் இருந்தாலும் 31 நாள் இருந்தாலும் ஒரு மாதம் ஒரு மாதம்தான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் ஆடிட்டர். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "வாங்கின நாள் கணக்கில் உண்டு சார், விற்ற நாள் கிடையாது. விற்ற நாளுக்கு முந்தின நாளோட நிறுத்தணும். 2023 டிசம்பர் 12லேருந்து 2024 டிசம்பர் 11 வரைக்கும் எண்ணுங்க." எண்ணினேன். சரியாக 12 மாதம். "12 மாதத்துக்கு மேல போச்சா?" என்று கேட்டார். போகவில்லை. 12 மாதம் நிறைந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். சட்டம் கேட்பது 12 மாதத்தைத் தாண்டுவதை. மறுநாள், டிசம்பர் 13 வெள்ளிக்கிழமை விற்றிருந்தால் தாண்டியிருக்கும்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பங்கை விற்றால் அன்றே அது டீமேட் கணக்கை விட்டுப் போவதில்லை, அடுத்த வேலை நாளில்தான் செட்டில்மென்ட். என் பங்குகள் கணக்கைவிட்டுப் போனது டிசம்பர் 13. அந்தத் தேதியை விற்ற தேதியாக எடுத்துக்கொள்ளலாமே என்றேன். அதற்கும் வழி இல்லை. சந்தை வழியாக நடந்து டெலிவரியில் முடியும் வர்த்தகத்துக்கு, புரோக்கர் தரும் ஒப்பந்தச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள தேதிதான் தேதி என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995இலேயே 704ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வாங்குவதற்கும் அதுவே, விற்பதற்கும் அதுவே. யோசித்தால் இது நியாயமாகவும் படுகிறது. வாங்குவதற்குக் கான்ட்ராக்ட் நோட், விற்பதற்கு டீமேட் என்று ஆளுக்கு ஏற்றபடி தேதியைத் தேர்ந்தெடுக்க விட்டால் எல்லாருமே ஒரு நாளை இழுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு தூரம் ஒரு நாளுக்காக மல்லுக்கட்டியதற்குக் காரணம், அதற்குள் இருந்த பணம். 2024 ஜூலை 23 முதல் இப்படிப்பட்ட குறுகிய கால ஆதாயத்துக்கு வரி 20 சதவீதம். அதற்கு முன்பு 15 ஆக இருந்தது. நீண்ட கால ஆதாயமானால் ஒரு நிதியாண்டில் முதல் ரூ.1,25,000க்கு வரி கிடையாது, அதற்கு மேல் உள்ளதற்கு 12.5 சதவீதம். என் ஒன்றரை லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் ரூ.30,000. செஸ் 4 சதவீதம் சேர்த்து ரூ.31,200. அதே தொகை நீண்ட காலமாக இருந்தால் மீதி ரூ.25,000க்கு மட்டும் வரி, செஸ்ஸோடு ரூ.3,250. வித்தியாசம் ரூ.27,950. பங்கு அதேதான், லாபமும் அதேதான்.

ஆடிட்டரிடம் நான் வாதாடிய இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "நான் டிரேடிங் பண்றவன் இல்லையே. வருஷம் முழுக்க அந்தப் பங்கைத் தொடவே இல்லை. என் நோக்கம் முதலீடுதானே?" என்றேன். அவர் சொன்ன பதிலில்தான் எனக்கு விஷயமே விளங்கியது. சட்டம் முதலில் லாபத்தைப் பார்ப்பதில்லை, சொத்தைப் பார்க்கிறது. விற்கும் அந்த நாளில் அது குறுகிய காலச் சொத்தா, நீண்ட காலச் சொத்தா என்று முடிவாகிவிடுகிறது. லாபத்துக்குப் பெயர் அதிலிருந்து வருகிறது. குறுகிய காலச் சொத்தை விற்று வந்தது குறுகிய கால ஆதாயம், அவ்வளவுதான். எத்தனை வருடத்துக்கு என்று நினைத்து வாங்கினேன், லாபம் எவ்வளவு, பங்கு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதற்கெல்லாம் அந்த வரையறையில் இடமே இல்லை.

முதலில் எனக்கு இது கடுமையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. நெடுநாள் முதலீட்டுக்குச் சலுகை, விரைவாக வாங்கி விற்பதற்குக் கூடுதல் வரி என்று அரசு பிரிக்க நினைத்தால், எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். நோக்கத்தை வைத்துப் போட்டால் கோடிக்கணக்கான கணக்குகளில் ஒவ்வொருவர் மனதையும் அதிகாரி விசாரிக்க வேண்டிவரும். தேதி அப்படியில்லை. இரண்டு கான்ட்ராக்ட் நோட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் யார் எண்ணினாலும் ஒரே விடைதான். கோட்டுக்கு ஒரு நாள் இந்தப் பக்கம் நின்றவனுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் அப்படி ஒருவன் நிற்பான்.

ஆடிட்டர் அடுத்து என் மற்றக் கொள்முதல்களைக் கேட்டார். அதே நிறுவனத்தின் 200 பங்குகளை 2024 மார்ச் 5 அன்று ரூ.520க்கு வாங்கியிருந்தேன். அதுவும் அதே டீமேட் கணக்கில்தான். அக்டோபர் 10 அன்று இன்னும் 100 பங்குகளை ரூ.850க்கு வாங்கினேன். இது வேறொரு புரோக்கரிடம் உள்ள இரண்டாவது கணக்கில். டீமேட்டில் இருக்கும் பங்குகளில் எதை விற்கிறோம் என்று நாம் கை காட்ட முடியாது. முதலில் உள்ளே வந்ததுதான் முதலில் வெளியே போகும். அதனால் டிசம்பரில் போன 300, முதலில் வாங்கிய அந்த 300தான். ஆனால் இந்த வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி. நிறையப் பேர் கவனிக்காத இடம் இது. ஒரே கணக்கில் எல்லாவற்றையும் குவித்தால் வரிசை நம்மைக் கட்டிப்போடும். இரண்டு கணக்கு இருந்தால் எந்தக் கணக்கிலிருந்து விற்பது என்பதாவது நம் கையில் இருக்கும்.

இதைத் தெரிந்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 2025 மார்ச் 7 அன்று பணம் தேவைப்பட்டபோது முதல் கணக்கிலிருந்தே 200 பங்குகளை ரூ.860க்கு விற்றிருந்தேன். மார்ச் 5 அன்று வாங்கியவை, மார்ச் 6 முதல் நீண்ட காலம். எனவே ரூ.68,000 லாபம் நீண்ட கால ஆதாயமாக வந்தது. அந்த நிதியாண்டின் ரூ.1,25,000 வரம்பை டிசம்பர் விற்பனை தொடவே இல்லை என்பதால் இதற்கு வரி பூஜ்யம்.

அதனால் உண்மையான நஷ்டம் நான் முதலில் போட்ட ரூ.27,950 இல்லை. டிசம்பர் விற்பனையும் நீண்ட காலமாகியிருந்தால் இரண்டும் சேர்ந்து ரூ.2,18,000. வரம்பு போக ரூ.93,000. அதற்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து ரூ.12,090. நான் கட்டியது ரூ.31,200. ஆக அந்த ஒரு நாளின் விலை ரூ.19,110. ஒரு விற்பனையை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் தப்பாக வரும். வரம்பு நிதியாண்டு முழுமைக்கும் ஒன்றே.

இதன்மேல் வட்டியும் வந்தது. டிசம்பர் விற்பனையை மட்டும் வைத்து வரி ரூ.3,250தான் என்று நினைத்திருந்தேன், மார்ச் விற்பனையைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அதனால் முன்கூட்டிய வரி கட்டவில்லை. ரூ.10,000க்குக் கீழே இருந்தால் அந்தக் கடமை இல்லை. உண்மையில் வரி அதைத் தாண்டியிருந்ததால் ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 1 சதவீத வட்டியும், தவணை தவறியதற்கு வேறொரு வட்டியும் சேர்த்துக் கட்டினேன். குறுகிய கால ஆதாயம் இருப்பதால் படிவம் ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2தான்.

கிளம்பும்போது ஆடிட்டர் கேட்டார், "போனஸ் ஏதாவது வந்துச்சா?" வரவில்லை. வந்திருந்தால் அதற்குத் தனி வயது. போனஸ் பங்கின் காலம் ஒதுக்கீடு செய்த தேதியிலிருந்துதான் தொடங்கும், பழைய பங்கின் வயது அதற்கு ஒட்டாது. முகமதிப்பைப் பிரித்துப் பங்கின் எண்ணிக்கை கூடினால் மட்டும் பழைய தேதியே தொடரும். அம்மா அப்பாவிடமிருந்து வாரிசாகவோ பரிசாகவோ வந்த பங்குக்கு அவர்கள் வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும்.

இப்போது என் எக்செல்லில் கழித்தல் இல்லை. ஏ பத்தியில் வாங்கிய தேதி, பி பத்தியில் விற்க நினைக்கும் தேதி, இரண்டும் கான்ட்ராக்ட் நோட் தேதிகள். அடுத்த பத்தியில் இந்தச் சூத்திரம்:

```
=B2>EDATE(A2,12)
```

TRUE என்று வந்தால் நீண்ட காலம், FALSE என்றால் குறுகிய காலம். டிசம்பர் 12 விற்பனையைப் போட்டுப் பார்த்தேன், FALSE. 13 போட்டால் TRUE. இரண்டாவது கணக்கில் இருக்கும் அந்த 100 பங்குக்கு 2025 அக்டோபர் 11 முதல் TRUE வருகிறது. அது சனிக்கிழமை, சந்தை இல்லை. விற்பதாக இருந்தால் 13ஆம் தேதி திங்கட்கிழமை முதல் என்று குறித்து வைத்தேன்.