பூஜ்யம் சொன்ன கதை

"மூணாவது வாரத்தோட குடை சீசன் முடிஞ்சிருது, இந்த வருஷம் கம்மியா வாங்கினா போதும்" என்று கடை வைத்திருக்கும் நண்பர் இன்று போன வருட விற்பனைக் கணக்கை நீட்டினார்.

இரண்டாம் வாரம் 42. மூன்றாம் வாரம் 24. நான்காம் வாரம் பூஜ்யம்.

மழை நிற்காதபோது குடை விற்பனை மட்டும் எப்படி நிற்கும்?

சரக்கு இருப்பு நோட்டைப் பார்த்தோம். மூன்றாம் வாரத்தின் மூன்றாம் நாளே குடை தீர்ந்திருக்கிறது. அந்த 24, மூன்றே நாளில் விற்றது. நாளுக்கு 8 என்றால் அந்த வாரத் தேவை சுமார் 56. சீசன் இறங்கவில்லை, ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

விற்பனைக் கணக்கு விற்றதை மட்டுமே சொல்லும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் அதில் இல்லை. சரக்கு இல்லாத நாட்களைக் கழித்துவிட்டுத்தான் சராசரி போட வேண்டும்.

அதற்காக 56-ஐ அப்படியே நம்பி மொத்தமாக வாங்கிக் குவிக்கவும் கூடாது. ஒரே வருடக் கணக்கு, மழை முன்னே பின்னே வரலாம். பாதியை இப்போது வாங்கி, முதல் வார விற்பனையைப் பார்த்து மீதிக்கு ஆர்டர் கொடுக்கலாம். சரக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்பதால் அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

அப்புறம், சீசனுக்குக் கடையில் எத்தனை ஆள் வைப்பது என்ற கேள்வி. அதற்கு விற்பனைத் தொகை உதவாது, மணிவாரியாக எத்தனை பில் என்று பார்க்க வேண்டும். கூட்டம் மாலை ஐந்திலிருந்து எட்டு வரைதான். முழுநாள் ஆளுக்குப் பதில் மூன்று மணி நேரத்துக்கு இருவர் போதும், ஆனால் வேலை பழக ஒரு வாரம் முன்னாலேயே வர வேண்டும்.

நண்பர் இப்போது ரெயின்கோட் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அங்கேயும் ஒரு பூஜ்யம் இருக்கிறதாம்.