ஸிகோங் தங்கிய குடிசை

அம்மா போய்ப் பதினான்காவது மாதம் நான் சூஃபூவில் இருந்தேன். சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் உள்ள சிறிய ஊர் அது. கன்ஃபூசியஸ் வாழ்ந்து மறைந்த ஊர். எல்லோரையும் போல முதல் நாள் பெரிய கோயிலுக்குப் போனேன். மறுநாள் காலை ஊருக்கு வடக்கே இருக்கும் கோங் லின்னுக்குப் போனேன். கோங் குடும்பத்தின் காடு என்று அதற்குப் பொருள். கன்ஃபூசியஸின் குடும்பப் பெயர் கோங். ஏறக்குறைய 2500 ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தார் தங்கள் இறந்தவர்களை அங்கேதான் புதைத்து வருகிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கல்லறைகள் இருக்கின்றன என்கிறார்கள்.

எனக்கு வழிகாட்ட வந்த அம்மையாரும் கோங் குடும்பம்தான். வாசலில் மஞ்சள் செவ்வந்தி வாங்கிக்கொண்டார். நான் எனக்கும் ஒரு கொத்து வாங்கினேன். "நேற்று கோயிலில் கும்பிட்டீர்களா?" என்று கேட்டார். கும்பிட்டேன் என்றேன். "இங்கே நாங்கள் கும்பிட வருவதில்லை. தாத்தாவைப் பார்க்க வருகிறோம்" என்றார்.

எத்தனை பெரியவரின் சமாதி என்று நினைத்துக்கொண்டு போனால், அங்கே இருப்பது புல் முளைத்த ஒரு மண்மேடு. அதற்குக் கிழக்கே மகனின் மேடு, தெற்கே பேரன் ஸிஸியின் மேடு. மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பேரனை அணைத்திருக்கிற அமைப்பு என்று சீனத்தில் இதற்கு ஒரு தொடரே உண்டு. முன்னால் 1443 இல் நாட்டிய உயரமான கல். 1966 இல் கலாசாரப் புரட்சியின்போது அதை உடைத்துப் போட்டார்கள். பிறகு துண்டுகளைச் சேர்த்து ஒட்டி மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். விரிசல் கோடுகள் நன்றாகவே தெரிகின்றன. பூவை வைத்துவிட்டு அம்மையார் மூன்று முறை குனிந்தார். நானும் குனிந்தேன்.

ஆனால் நான் அவ்வளவு தூரம் போனது அந்த மேட்டுக்காக மட்டும் இல்லை. அதற்கு மேற்கே ஒரு சின்னச் செங்கல் வீடு இருக்கிறது. ஸிகோங் சமாதியருகே குடிசை போட்டுத் தங்கிய இடம் என்று முன்னால் ஒரு கல் சொல்கிறது. அந்த வாசலில்தான் அன்று வெகுநேரம் இருந்தேன்.

ஸிகோங் கன்ஃபூசியஸின் சீடர்களில் வியாபாரி. கையில் பணம் புரண்டவர், பேச்சில் கெட்டிக்காரர், தூது போவதில் வல்லவர். கணக்குப் பார்க்கிற மனம் அவருக்கு. லுன் யூ என்ற உரையாடல் தொகுப்பில் ஓர் இடம் வருகிறது. மாதப் பிறப்பை முன்னோர் கோயிலில் அறிவிக்கும் பழைய சடங்கில் ஓர் ஆடு பலியிடுவார்கள். அரசர் அந்தச் சடங்குக்கு வருவதையே விட்டுவிட்டார். ஆட்டுப்பலி மட்டும் வெறும் வழக்கமாக நடந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டையும் நிறுத்திவிடலாமே என்றார் ஸிகோங். ஆசிரியர் சொன்ன பதில்: "உனக்கு ஆட்டின் மேல் அன்பு, எனக்குச் சடங்கின் மேல் அன்பு."

இன்னொரு முறை ஸிகோங் நேராகவே கேட்டார்: இறந்தவர்களுக்கு நினைவு உண்டா, இல்லையா? இது பிற்கால நூல் ஒன்றில் வருகிறது. ஆசிரியர் சொன்னார்: உண்டு என்றால், பாசமுள்ள பிள்ளைகள் உயிரோடு இருப்பவர்களை வருத்திச் செத்தவருக்குச் செலவழிப்பார்கள். இல்லை என்றால், பாசமில்லாதவர்கள் பெற்றோரைப் புதைக்காமலே விட்டுவிடுவார்கள். நீ செத்த பிறகு தெரிந்துகொள், அப்போதும் தாமதமாகிவிடாது என்றாராம் கன்ஃபூசியஸ்.

கன்ஃபூசியஸ் காட்டிய வழி மதமா இல்லையா என்று விவாதிப்பவர்கள் இந்த இடத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். மறுமையைப் பற்றி இத்தனை அக்கறையோடு ஒரு பதிலைத் தவிர்த்தவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது. பதில் எதுவானாலும் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதுதான் அவருடைய கவலை.

கி.மு. 479 இல் கன்ஃபூசியஸ் இறந்தபோது சீடர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. தகப்பனார் இறந்தால் முரட்டுச் சணல் துணி உடுத்த வேண்டும், கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், சுவரோரக் குடிசையில் வைக்கோல் பாயில் மண்கட்டியைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டும் என்று விதி இருந்தது. மூன்று வருடத் துக்கம் அது. மூன்றாவது வருடம் தொடங்கினாலே கணக்கில் வந்துவிடும் என்பதால் உண்மையில் 25 மாதம், சிலர் கணக்கில் 27 மாதம். ஆனால் ஆசிரியர் இரத்த உறவு இல்லையே, அவருக்கு எந்த உடை உடுத்துவது? வழி சொன்னவர் ஸிகோங்தான். சீடர் யென் ஹுவெய் இறந்தபோது ஆசிரியர் மகன் இறந்ததுபோல் துக்கம் காத்தார், துக்க உடை மட்டும் உடுத்தவில்லை. இன்னொரு சீடர் ஸிலு இறந்தபோதும் அப்படியே. ஆகவே நாமும் தகப்பனுக்குக் காப்பதுபோல் காப்போம், உடை மட்டும் வேண்டாம் என்றார். இது லீ ஜி என்ற சடங்கு நூலில் இருக்கிறது. ஆட்டைக் கணக்குப் பார்த்தவர் இப்போது சடங்கில் இல்லாத ஒன்றுக்குச் சடங்கு வகுக்கிறார்.

மூன்று வருடம் முடிந்தது. அப்புறம் நடந்ததை, பின்னால் வந்த கன்ஃபூசிய அறிஞர் மென்சியஸ் சொல்கிறார். சீடர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஸிகோங்கிடம் விடைபெறப் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, குரல் போகும்வரை அழுதார்கள். பிறகு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஸிகோங் மட்டும் திரும்பி வந்து, சமாதியருகே குடிசை போட்டு, தனியாக இன்னும் மூன்று வருடம் இருந்தார்.

நான் அங்கே போனதற்குக் காரணம் இந்த இரண்டாவது மூன்று வருடம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மாசிகம் ஒன்றுவிடாமல் செய்தேன். வருஷாப்திகம் முடிந்த அன்று பெரியப்பா தோளைத் தொட்டு, "இனிமே பண்டிகை கொண்டாடலாம்ப்பா" என்றார். அன்போடுதான் சொன்னார். விதியும் அதுதான். ஆனால் எனக்கு எதுவும் முடியவில்லை.

ஒரு வருடம் போதாதா என்று கன்ஃபூசியஸிடமே கேட்ட சீடர் உண்டு. ஸாய் வோ என்று பெயர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்று வருடம் சடங்குகளைச் செய்யாவிட்டால் சடங்கு கெடும், இசையைத் தொடாவிட்டால் இசை அழியும். பழைய தானியம் தீர்ந்து புதுத் தானியம் வந்துவிட்டது, ஒரு வருடத்தோடு நிறுத்தலாமே என்றார். "நல்ல அரிசிச் சோறு தின்று, பட்டு உடுத்தினால் உன் மனம் நிம்மதியாக இருக்குமா?" என்று கேட்டார் ஆசிரியர். இருக்கும் என்றார் ஸாய் வோ. "இருந்தால் அப்படியே செய்." அவர் வெளியே போன பிறகுதான் மற்றவர்களிடம் வருத்தப்பட்டார்: பிறந்து மூன்று வருடம் கழித்துத்தான் குழந்தை பெற்றோர் கையைவிட்டு இறங்குகிறது, இவனுக்கு அந்த மூன்று வருட அன்பு கிடைக்கவில்லையா?

அவர் தெய்வக் குற்றம் என்று சொல்லவில்லை, முன்னோர் கோபம் என்றும் சொல்லவில்லை. உன் மனம் கேட்கிறதா என்று மட்டும் கேட்டார். பின்னால் அரசாங்கங்கள் இதைச் சட்டமாக்கின. அதிகாரி ஒருவரின் தகப்பனோ தாயோ இறந்தால் பதவியை விட்டு 27 மாதம் ஊரில் இருக்க வேண்டும். 1577 இல் மிங் அரசின் தலைமை அமைச்சர் ஜாங் ஜூஜெங் தகப்பனார் இறந்தும் பதவியில் நீடித்தார். அதைக் கண்டித்த அதிகாரிகளுக்குப் பிரம்படி கிடைத்தது. மனத்தைக் கேட்ட கேள்வி அங்கே அரசியல் சண்டையாகிவிட்டது.

சரி, இது மதமா? பெய்ஜிங் அரசு அங்கீகரித்த ஐந்து மதங்களில் கன்ஃபூசியம் இல்லை. ஹாங்காங்கில் ஆறு மதங்களில் ஒன்றாக அதைச் சேர்க்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1742 இல் சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோர் சடங்கு செய்யக் கூடாது என்று முடிவாகத் தடுத்தது. 1939 இல் அவை குடிமக்களின் மரியாதைச் சடங்குகள் என்று சொல்லி அனுமதித்தது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறியிருக்கிறது. முதல் நாள் பார்த்த கோயிலும் அப்படித்தான் குழப்பியது. 1530 இல் மிங் பேரரசர் கன்ஃபூசியஸ் கோயில்களில் சிலைகளை எடுத்துவிட்டுப் பெயர் எழுதிய மரப்பலகைகளை வைக்கச் சொன்னார். அரசர் என்ற பட்டத்தையும் நீக்கி ஆசிரியர் என்று ஆக்கினார். சூஃபூவில் மட்டும் சிலை தொடர்ந்தது. அதையும் 1966 இல் அழித்தார்கள். இப்போது இருப்பது 1980களில் செய்தது. அதன் முன்னால் ஒருவர் ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே பிடித்துக் கண்மூடி நின்றார், பக்கத்தில் ஒரு மாணவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பிடித்த பதில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் கன்ஃபூசிய அறிஞர் ஷுன்ஸி சொன்னது. முன்னோர் சடங்கை அறிந்தவர்கள் மனித வழி என்று கொள்கிறார்கள், மக்கள் ஆவிகளின் காரியம் என்று கொள்கிறார்கள் என்றார். செய்கிற காரியம் இருவருக்கும் ஒன்றே. நான் இதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடியாமல்தான் வருஷாப்திகத்தில் பிண்டம் வைத்தேன்.

குடிசை வாசலில் உட்கார்ந்து, படித்து வைத்திருந்த ஒன்றைச் செய்து பார்த்தேன். பலிக்கு முன் பிள்ளை மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும் என்கிறது லீ ஜி. இறந்தவர் எங்கே எப்படி இருப்பார் என்று நினை. அவர் சிரிப்பையும் பேச்சையும் நினை. அவர் எண்ணியிருந்தவற்றை நினை. எதில் மகிழ்ந்தார் என்று நினை. எதை விரும்பிச் சாப்பிட்டார் என்று நினை. மூன்றாம் நாள் யாருக்காக இதைச் செய்தாயோ அவரைக் காண்பாய். சடங்கு நாளில் அறைக்குள் நுழைந்தால் அவர் தம் இடத்தில் இருப்பதுபோலத் தோன்றும், வெளியே வரும்போது அவர் பெருமூச்சு கேட்பதுபோல இருக்கும். இதில் சாட்சிக்கு வேறு யாரையும் கூப்பிடவில்லை. "நான் பங்கெடுக்காத பலி, செய்யாத பலி போலத்தான்" என்று கன்ஃபூசியஸ் சொன்னதன் பொருள் எனக்கு அப்போது புரிந்தது.

அம்மா இருக்கும் இடம் உடனே வந்தது: பின்கட்டு வாசற்படி, மடியில் முறம். சிரிப்பு வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரிப்பாள். அடுத்து அவள் எண்ணியிருந்தவை. அங்கே நின்றுவிட்டேன். எங்கள் படிப்பு, தங்கை கல்யாணம் என்று எங்களுக்காக எண்ணியவை எல்லாம் தெரியும். தனக்கென்று என்ன நினைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

அம்மையார் சற்றுத் தள்ளி, ஸிகோங் நட்டதாகச் சொல்லும் மரத்தின் பட்டுப்போன அடிமரத்தருகே காத்திருந்தார். கிளம்பலாமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். ஊருக்குத் திரும்பியதும் அம்மாவின் தங்கையிடம் போய்க் கேட்க வேண்டும். சித்திக்கு இப்போது எழுபத்தெட்டு வயது.