மூன்றாவது வாரத்து எக்ஸ்ரேயில் தெரியும் மேகம்

டெல்டாவில் கை முறிந்த பிள்ளைகள் வருவதற்கென்று ஒரு பருவம் உண்டு. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத நாட்களில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பள்ளிக்கூடமும் லீவாக இருக்கும், மதகுச் சுவரிலிருந்து குதிப்பதுதான் விளையாட்டு. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த எட்டு வயதுப் பையனும் அப்படிக் குதித்து, இடது கையை ஊன்றி விழுந்தவன். முன்கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே மடங்கியிருந்தது. பாட்டி கட்டு வைத்தியரிடம் போகலாம் என்றாராம். அம்மா பனைமட்டைத் துண்டு ஒன்றை அணைகொடுத்து, துண்டால் சுற்றி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அந்த அணை நன்றாகவே இருந்தது. இறுக்கிக் கட்டவில்லை என்பதே அதன் சிறப்பு.

எக்ஸ்ரேயில் முன்கையின் இரண்டு எலும்புகளிலும் அடி தெரிந்தது. கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ. மேலே முறிந்து 25 டிகிரி வளைந்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்து அல்னா இலேசாக வளைந்ததோடு சரி. ரேடியஸ் இரண்டு துண்டாகவில்லை. பச்சை மூங்கிலை வளைத்தால் ஒரு பக்கம் நார் கிழிந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி முறிவு. குழந்தை எலும்பைப் போர்த்தியிருக்கும் பெரியாஸ்டியம் என்ற உறை பெரியவர்களுடையதைவிடத் தடிமன். எலும்பு உடைந்தாலும் அது பெரும்பாலும் ஒரு பக்கமாவது கிழியாமல் நிற்கும். இனி நடக்கப்போகும் வேலையில் பாதிக்கு மேல் இந்த உறையுடையதுதான்.

மயக்கம் கொடுத்து வளைவை 5 டிகிரிக்குக் கொண்டுவந்து, முழங்கையை 90 டிகிரியில் மடக்கி, முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு போடப்பட்டது. கட்டு எவ்வளவு கனம் என்பதைவிட எப்படிப் பிடித்து உருக்கொடுத்தோம் என்பதுதான் முக்கியம். முறிவு இருக்கும் இடத்தில் கட்டு குழாய் மாதிரி உருண்டையாக இருக்கக்கூடாது, முன்கையின் இயல்புப்படி தட்டையாக இருக்க வேண்டும். எக்ஸ்ரேயிலேயே அளந்து பார்க்கலாம். பக்கவாட்டுப் படத்தில் கட்டின் உள்ளகலத்தை நேர்ப் படத்தின் உள்ளகலத்தால் வகுத்தால் விடை 0.8-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் எலும்பு மறுபடி நகர இடம் இருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வது இரண்டுதான். முதல் இரண்டு நாள் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருக்க வேண்டும். மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனாலோ, விரலை நிமிர்த்தினால் பிள்ளை அலறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே வீங்கிய தசைக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். நாடித் துடிப்பு இருக்கிறதே என்று சமாதானமடைவது தவறு, துடிப்பு கடைசியில்தான் நிற்கும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கைகளில் விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவது இதனால்தான்.

கட்டுக்குள்ளே வேலை அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. முறிந்த இடத்தில் கசிந்த ரத்தம் உறைந்து கட்டியாகிறது. முதலில் நியூட்ரோஃபில்கள், பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள் என்று உடலின் காவல் செல்கள் வந்து செத்த திசுவை அகற்றுகின்றன. அவை விடும் ரசாயனச் சேதியில் பெரியாஸ்டியத்தின் உள்ளடுக்கில் இருக்கும் மூலச் செல்கள் பெருகத் தொடங்குகின்றன. ஒரே செல்தான், இடத்தைப் பொறுத்து தொழில் மாறுகிறது. முறிவுக்குச் சற்றுத் தள்ளி, ரத்த ஓட்டம் இருக்கும் அசையாத பகுதியில் அது நேராக ஆஸ்டியோபிளாஸ்ட் ஆகி எலும்பு கட்டுகிறது. நடுவிலே, ரத்தக் குழாய் அறுந்து கொஞ்சம் அசைவும் இருக்கும் இடத்தில், காண்ட்ரோசைட் ஆகிக் குருத்தெலும்பு செய்கிறது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில்கூடப் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கலாம்.

எட்டாம் நாள் படம் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் வேறு. வீக்கம் வடிந்துவிட்டதால் கட்டு தளர்ந்திருந்தது, 5 டிகிரி 12 ஆகியிருந்தது. இந்த வயதில், மணிக்கட்டுக்கு இவ்வளவு அருகில், 12 டிகிரி பொறுக்கக்கூடியதுதான். ஆனால் ஒரே வாரத்தில் 7 டிகிரி நழுவியது அடுத்த வாரமும் நழுவும். கட்டை மாற்றி உருக்கொடுத்ததில் பதினைந்தாம் நாள் 13-இல் நின்றது. வலி போய்விட்டது, பேருந்துக் காசு வேறு, நடவு வேலை வேறு என்று பலர் தவறவிடுவது இந்த எட்டாம் நாளைத்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு வந்தால் உள்ளே இறுகியிருக்கும், சும்மா பிடித்து நிமிர்த்த முடியாது.

மூன்றாவது வாரத்துப் படத்தில் ரேடியஸைச் சுற்றி வெளிறிய மேகம் ஒன்று தெரிந்தது. பாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "கோணலாவேல்ல இருக்கு சார், மேல ஏதோ அழுக்காட்டம் வேற இருக்கே?" என்றார். அந்த அழுக்குதான் புது எலும்பு. நடுவிலிருந்த காண்ட்ரோசைட்கள் பருத்து, சுற்றிலும் சுண்ணாம்பு படிய, புது ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. குழாய்களோடு வரும் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பை இடுகின்றன. காண்ட்ரோசைட்களில் சில சாகாமல் தாங்களே எலும்புச் செல்லாக மாறுவதும் உண்டு. தான் கட்டிய எலும்புக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும் ஆஸ்டியோபிளாஸ்ட்தான் ஆஸ்டியோசைட். இந்த முதல் எலும்பு அவசரத்தில் கட்டியது, அதன் நார்கள் தாறுமாறாக ஓடும். ஆட்டுக்கால் சூப்பு இதை விரைவுபடுத்தாது, கெடுதலும் செய்யாது. பாட்டியிடம் வாதாடத் தேவையில்லை.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தபோது முறிவிடத்தை அழுத்தினால் வலி இல்லை. கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, மணிக்கட்டு விறைத்திருந்தது. இதெல்லாம் தானாகச் சரியாகும், எண்ணெய் போட்டு முறுக்கி உருவிவிட வேண்டாம். பயப்பட வேண்டியது மறுமுறிவுக்கு. பாதி முறிந்த எலும்பு கட்டுப் பிரித்த அடுத்த சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி முறியக்கூடும். சைக்கிள், மரமேறல், மதகு எல்லாம் மூன்று மாதம் தள்ளிப்போடப்பட்டன.

கோணல் என்னவாயிற்று என்றால், அதைச் சரிசெய்ய இரண்டு வேலைகள் சேர்ந்து நடந்தன. வளைவின் புடைத்த பக்கத்தை ஆஸ்டியோகிளாஸ்ட்கள் அரிக்கின்றன. பல உட்கருக்கள் கொண்ட இந்தப் பெரிய செல்கள், மேக்ரோஃபேஜ் பிறக்கும் அதே ரத்தச் செல் வழியில் பிறப்பவை. குழிந்த பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் எலும்பை நிரப்புகின்றன. இன்னொன்று மணிக்கட்டின் அருகில் இருக்கும் வளர்தட்டு. ரேடியஸின் நீள வளர்ச்சியில் முக்கால் பங்குக்குமேல் அங்கேதான். சாய்ந்துபோன தட்டு ஒரு பக்கம் கூடுதலாக வளர்ந்து தன்னையே நேராக்கிக்கொள்கிறது. முறிவு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்ததும், இன்னும் பல வருட வளர்ச்சி பாக்கி இருந்ததும் இவனுக்கு வாய்த்த நல்ல காலம். ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் 13 டிகிரி 4 ஆகியிருந்தது. இதே கோணல் முன்கையின் நடுவிலோ, பதினான்கு வயதுப் பையனுக்கோ இருந்திருந்தால் இப்படிக் காத்திருக்க முடியாது.

முறுக்கலை மட்டும் வளர்ச்சி சரிசெய்யாது. முறிந்த துண்டு தன் அச்சில் திரும்பி ஒட்டிவிட்டால் அது அப்படியேதான் நிற்கும். எக்ஸ்ரேயில் அதைக் கண்டுபிடிப்பதும் சுலபமல்ல. எனவே கடைசிப் பரிசோதனை கையில்தான்: முழங்கை இரண்டையும் இடுப்போடு ஒட்டி வைத்து, இரு கையிலும் ஒவ்வொரு பென்சிலைப் பிடிக்கச் சொல்லி, உள்ளங்கையை மேலேயும் கீழேயும் திருப்பச் சொல்ல வேண்டும். இரண்டு பென்சிலும் ஒரே அளவு சாய்ந்தால் போதும். இவனுக்கு இடது பக்கம் மேலே திருப்புவதில் கொஞ்சம் குறைந்தது, ஆறு மாதத்தில் அதுவும் சமமாகிவிட்டதால் அது முறுக்கல் அல்ல, விறைப்புதான் என்று தெரிந்தது.