டைட்டிலுக்கு முன்னால் 80 விநாடி

மார்ச் 3, 2025, திங்கள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு 50ஆம் ஆண்டு விழா வருகிறது. அதற்கு 12 நிமிட ஆவணப்படம். ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. அவர்களுடைய மார்க்கெட்டிங் பிரிவே ஒரு வரைவு எழுதிக் கொடுத்திருந்தது. சூரிய உதயம், ட்ரோனில் தொழிற்சாலை, குத்துவிளக்கு, மாலை போட்ட நிறுவனர் படம், கம்பீரமான குரலில் "ஒரு கனவு பிறந்தது..."

நான் எந்த வரைவுக்கும் முதலில் வைக்கும் சோதனையை இதற்கும் வைத்தேன். நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு ஒரு நூற்பாலையின் பெயரை எழுதிப் படித்தேன். ஒரு வரிகூட இடிக்கவில்லை. அப்படியென்றால் அந்தத் தொடக்கத்தில் இந்த நிறுவனம் இன்னும் வரவே இல்லை.

எம்.டி.யிடம் போனில் பேசினேன். வரலாறு கட்டாயம் வரும், நிறுவனரான உங்கள் அப்பா கட்டாயம் வருவார், ஆனால் டைட்டிலுக்குப் பிறகு வரட்டும் என்றேன். டைட்டிலுக்கு முன்னால் ஒரு சின்ன சம்பவம் நடக்க வேண்டும். அதன் முடிவு தெரியாமல் டைட்டில் விழ வேண்டும். "என்ன சம்பவம்ங்க தம்பி?" என்று கேட்டார். உங்கள் மோட்டார் முதன்முதலாக ஓடும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

போர்வெல்லில் மோட்டார் இறக்கும் குழுவோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். இன்று கேமரா எடுத்துப் போகவில்லை.

நான் தேடி வந்த சம்பவம் கண் முன்னால் நடந்தது. 20 அடி நீளப் பைப்புகளை ஒன்றோடொன்று முறுக்கி, கிளாம்ப் போட்டு, செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள். ஒருவர் சத்தமாக எண்ணுகிறார். முப்பது பைப் என்றால் 600 அடி. இறக்கி முடித்ததும் கேபிளை ஸ்டார்ட்டரில் இணைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்கள். உடனே தண்ணீர் வருவதில்லை. போருக்குள் தண்ணீர் மட்டம் 400 அடியில் இருந்தால், அதற்கு மேலே பைப் காலியாகத்தான் இருக்கும். ஒன்றரை இஞ்ச் பைப்பில் அந்த 400 அடி நிரம்பக் கிட்டத்தட்ட ரெண்டு நிமிடம் ஆகிறது. அந்த ரெண்டு நிமிடமும் யாரும் பேசுவதில்லை. கடன் வாங்கிப் போர் போட்டவர் பைப் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

டைட்டிலுக்கு முன்னால் வர வேண்டிய கோல்ட் ஓப்பன் இதுதான். பார்ப்பவருக்கு எதையும் விளக்க வேண்டாம். தண்ணீர் வருமா வராதா, அவ்வளவுதான் கேள்வி. அது இந்தத் தொழிலுக்குள்ளிருந்தே வரும் கேள்வி, நூற்பாலைக்குப் பொருந்தாது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். பம்புக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது. ஒருமுறை ஏறிய தண்ணீரை அது கீழே இறங்க விடாது. அதனால் இரண்டாவது தடவை போட்டால் தண்ணீர் சட்டென்று வந்துவிடும். அந்தக் காத்திருப்பு முதல் ஓட்டத்தில் மட்டும்தான். ஒன் மோர் கேட்க முடியாது. இது தெரியாமல் கேமராவோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபடியே வீடு திரும்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஷூட். தோட்டக்காரர் அய்யாவிடம் முன்பே பேசிவிட்டோம். தண்ணீர் வராவிட்டால் எதையும் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரே வாய்ப்பு என்பதால் மூன்று கேமரா. ஒன்று பேனல் போர்டில் இருக்கும் ஆம்ப்ஸ் மீட்டரில், ஒன்று பைப் வாயில், ஒன்று அய்யாவின் முகத்தில். எலக்ட்ரீஷியன் சட்டையில் ஒரு மைக், பைப் வாய்க்கருகே ஒரு மைக். யாரும் கேமராவைப் பார்த்துப் பேசக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தினார்கள். முள் துள்ளி ஏறி, இறங்கி நின்றது. ரெண்டு நிமிடம் போயிற்று. மூன்றும் போயிற்று. பைப் வாயில் ஒன்றும் இல்லை. முள் நிற்க வேண்டிய இடத்துக்குக் கீழே நிற்கிறது என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் முணுமுணுத்தார். மோட்டாரின் மேல் சுமை குறைவு என்று அர்த்தம். அதற்கு ரெண்டு காரணம் இருக்கலாம். போரில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். அல்லது மூன்று ஃபேஸில் ரெண்டு மாறி இணைந்து மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். புதிதாக இணைக்கும்போது இது சகஜம். அண்ணனுக்கு அது தெரியும். அய்யாவுக்குத் தோன்றியது முதல் காரணம் மட்டும்தான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி வாசலிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"சுத்து மாறியிருக்கும்ங்க, இருங்க." மோட்டாரை நிறுத்தி, ரெண்டு ஒயரை இடம் மாற்றி, திரும்பவும் பச்சைப் பொத்தான். இந்த முறை முள் ஏறி நின்ற இடம் வேறு. கொஞ்ச நேரத்தில் பைப் வாயிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தது. ஏறி வரும் தண்ணீர், பைப்பில் இருந்த காற்றை வெளியே தள்ளுகிறது. அய்யா கையைக் கொண்டுபோய் அந்தக் காற்றில் வைத்தார்.

அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. எங்கள் சவுண்டுக்காரத் தம்பியும் கத்திவிட்டான்.

மார்ச் 14, வெள்ளி

எடிட்டிங் மேசையில் ஒரே விவாதம்: எங்கே வெட்டுவது?

எடிட்டர் முதல் தண்ணீர்த் துளியில் வெட்டலாம் என்றார். அழகான ஷாட்தான். ஆனால் துளி தெரிந்த நொடியில் கேள்வி தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு 11 நிமிட வரலாற்றை எதற்காகப் பார்க்க வேண்டும்? அதற்கு முன்னாலேயே, முள் இறங்கி நிற்கும் இடத்தில் வெட்டினால் வெறும் ஏமாற்றம்தான் மிஞ்சும். காற்றில் வைத்த கைதான் சரியான இடம் என்று நான் நினைக்கிறேன். என்னவோ வருகிறது, அது என்னவென்று இன்னும் உறுதியில்லை. நம்பிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போது திரை கருப்பாக வேண்டும்.

தொடக்கத்தையும் யோசித்தாக வேண்டும். இது முதலில் ஓடப்போவது விழா மண்டபத்தில். விளக்கு அணைந்த பிறகும் முதல் பத்து விநாடி நாற்காலி இழுப்பார்கள், குழந்தையை உட்காரவைப்பார்கள். அந்த நேரத்தில் படத்தைக் காட்டினால் வீணாகும். அதனால் கருப்புத் திரையில் சத்தம் மட்டும்: இரும்பு உரசல், செயின், எண்ணும் குரல். எதை எண்ணுகிறார்கள் என்று மண்டபம் தானாக அமைதியாகும். எத்தனை அடி ஆழம் என்று வாய்ஸ் ஓவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இன்று எழுதி முடித்தது:

0:00 – கருப்பு. செயின் சத்தம். ஒரு குரல்: "இருபத்தாறு... இருபத்தேழு..."
0:10 – பைப் போருக்குள் இறங்குகிறது, மிக நெருக்கத்தில். "முப்பது. போதும்."
0:18 – அய்யா. பின்னால் பழைய கிணறு. பேச்சில்லை.
0:24 – பச்சைப் பொத்தான். முள் துள்ளுகிறது. மோட்டாரின் மெல்லிய முனகல்.
0:30 – பைப் வாய். முகம். முள். பைப் வாய். இசை கிடையாது.
0:50 – துண்டால் முகம் துடைக்கிறார். மனைவி வந்து நிற்கிறார்.
0:56 – "சுத்து மாறியிருக்கும்ங்க, இருங்க." ஒயர் மாற்றும் விரல்கள்.
1:06 – பச்சைப் பொத்தான். முள் ஏறி நிற்கிறது.
1:12 – உஸ்ஸென்ற காற்று. அய்யாவின் கை.
1:20 – கருப்பு. காற்றின் சத்தம் மட்டும் ஒரு நொடி நீடிக்கிறது. டைட்டில்.

வாய்ஸ் ஓவர் ஒரு சொல்கூட இல்லை. 0:30க்கும் 0:50க்கும் இடையில் ஷாட்டுகளைக் குறைக்கவே கூடாது. காத்திருப்பு உடம்பில் உறைக்க அந்த 20 விநாடி வேண்டும். எடிட்டர் அங்கே ஒரு தம்புராவாவது போடலாம் என்றார். இசை வந்தால் இது நல்லபடியாக முடியுமா, கெட்டதாக முடியுமா என்று அதுவே சொல்லிவிடும்.

மார்ச் 19, புதன்

எம்.டி. பார்த்தார். முகம் மாறியது. "நம்ம படத்துல நம்ம மோட்டாரே தண்ணி எடுக்காத மாதிரி காட்டறதுங்களா?"

அவர் கவலை நியாயமானது. நிறுவனங்களுக்காக எழுதும்போது இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஒதுக்கக் கூடாது. விற்பனையாளர்கள் மண்டபத்தில் இருப்பார்கள். ஒருவர் பாதியில் எழுந்து போனால் அவர் பார்த்தது ஓடாத மோட்டார் மட்டும்தான். அதனால்தான் "சுத்து மாறியிருக்கும்" என்ற வசனம் டைட்டிலுக்கு முன்னாலேயே வருகிறது என்று விளக்கினேன். தொழில் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். குறை இணைப்பில், மோட்டாரில் இல்லை. தெரியாதவருக்கு, இந்த மனிதருக்கு என்ன கோளாறென்று தெரிகிறது என்ற தைரியமாவது வரும். அந்த வசனத்தின் ஒலியைக் கொஞ்சம் கூட்டித் தெளிவாக்க ஒப்புக்கொண்டேன்.

அடுத்த கேள்வி: தண்ணீரை எங்கே காட்டுவது? கடைசி நிமிடத்தில் என்றார் மார்க்கெட்டிங் மேனேஜர். எனக்குச் சம்மதமில்லை. 10 நிமிடம் இழுத்தால் கேள்வி ஆறிவிடும், இல்லையென்றால் எரிச்சலாகும். பதில் வர வேண்டிய இடத்தை வரலாறே காட்டுகிறது.

இவர்களுடைய முதல் பொருள் கிணற்று மேட்டில் வைக்கும் மோனோபிளாக். மேலே இருக்கும் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதற்கு எல்லை உண்டு. கணக்கில் 10 மீட்டர் சொச்சம். நடைமுறையில் 25 அடியைத் தாண்டினாலே சிரமம். கிணறுகளில் மட்டம் அதற்குக் கீழே போனபோது, எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தும் பயனில்லாமல் போனது. நிறுவனர் பம்பைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி அடியிலிருந்து தள்ளும் சப்மெர்சிபிளுக்கு மாறியது அதனால்தான். அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவும் அதுதான்.

ஆகவே டைட்டில் முடிந்ததும் ஆண்டும் பிறந்த ஊரும் வராது. அய்யா பழைய கிணற்று விளிம்பில் நின்று, சின்ன வயதில் தண்ணீர் எங்கே நின்றது என்று கையால் காட்டுவார். அங்கிருந்து மோனோபிளாக், 25 அடி, நிறுவனர். அவர் சப்மெர்சிபிளுக்கு மாறும் இடத்தில், நான்காவது நிமிடத்தில், செம்மண் தண்ணீர் பாயும். அந்த ஷாட்டைப் பார்க்கும்போது மண்டபத்துக்கு அந்த 600 அடியின் அர்த்தம் தெரிந்திருக்கும்.

எம்.டி. நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பா இருந்திருந்தா அந்த எலக்ட்ரீஷியனைத்தான் முதல்ல பார்த்திருப்பாருங்க" என்றார். சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

தொழிலோடு சம்பந்தமில்லாத சிலரை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து டைட்டில் வரை மட்டும் போட்டுக் காட்டினோம். கருத்து எதுவும் கேட்கவில்லை. திரை கருப்பானதும் முதலில் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கவனித்தேன். "ஷாட்ஸ் நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தால் திரும்ப மேசைக்குப் போயிருப்பேன். எடிட்டரின் அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்து, "தண்ணி வந்துச்சா இல்லையா?" என்றார். இன்னொருவர் அய்யாவுக்கு எவ்வளவு கடன் என்று கேட்டார்.

மீதி இருந்தது லோகோ. முதல் ஃபிரேமிலேயே மூலையில் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். வைத்தால் அந்தக் கணமே விளம்பரமாகிவிடும், தண்ணீர் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆம்ப்ஸ் மீட்டர் ஷாட்டில் பேனல் போர்டின் ஓரத்தில் நிறுவனத்தின் ஸ்டிக்கர் பாதி தெரிகிறது. ஷூட்டில் விழுந்தபடியே அதை விட்டுவைக்கலாம் என்று முடிவானது.

இந்திப் பதிப்பில் எண்ணும் குரலை டப் செய்ய வேண்டாம், தமிழிலேயே இருக்கட்டும் என்று குறிப்பு எழுதிவிட்டேன். முப்பதுக்கும், சுத்து மாறியிருக்கும் என்ற வரிக்கும் மட்டும் கீழே எழுத்து வரும்.