கப்பலேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள்

திருப்பூரில் நாங்கள் பின்னலாடை அனுப்பும் வேலையில், ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பலேற்றம் வரை கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி ஒரே வாரத்தில் இரண்டு முறை பழைய அளவுப் பட்டியலைக் கட்டிங் பிரிவுக்கு அனுப்பியபோதுதான், அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துச் செல்வதையும் கவனித்தேன். கப்பலேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

தனியே அழைத்து, வீட்டில் என்ன என்று துருவாமல், "எதெல்லாம் உங்க கையில இருந்தா பாரமா இருக்குதுங்க?" என்று மட்டும் கேட்டேன். துணி நிற ஒப்புதல், சாயப்பட்டறையைத் துரத்துவது, பெட்டி அளவு என அவர் சொன்ன மூன்றையும் வேறு இருவருக்குப் பிரித்தேன். காரணம் கேட்டவர்களிடம் வேலை மாற்றம் என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அன்று மாலையே, கடைசி நாளில் கெஞ்சுவதைவிட இப்போதே கேட்பது மேல் என்று, வாங்குபவரிடம் ஒரு நிறத்தை மட்டும் ஐந்து நாள் தள்ளி அனுப்ப ஒப்புதல் பெற்றேன்.

தவறு என்னுடையதும் உண்டு. வாங்குபவருக்கு எழுதும் கடிதங்களையும் பறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் வந்து, "ஏனுங்க அக்கா, என்னை ஒதுக்கிட்டீங்களா?" என்றார். அது அவருக்கு நன்றாக வரும் வேலை. திருப்பிக் கொடுத்தேன், அனுப்புமுன் நான் ஒருமுறை படிப்பேன் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.