மூன்று சென்டிமீட்டரா, இல்லையா?

வயிற்றில் இறங்கும் பெருந்தமனி சாதாரணமாக 2 சென்டிமீட்டர் விட்டத்தில்தான் இருக்கும். 3 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் அனியூரிசம், அதாவது சுவர் தளர்ந்து உப்பிய வீக்கம், என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். 5 சென்டிமீட்டருக்கு வீங்கியதைக் கண்டுபிடிக்க யாரும் திணறுவதில்லை. இந்த எல்லையை ஒட்டி நிற்பவர்கள்தான் நம் நேரத்தை வாங்குவார்கள்.

எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர், பல வருஷமாக பீடி குடிப்பவர், வேறிடத்து ரிப்போர்ட்டோடு வந்தார். அதில் 3.2 சென்டிமீட்டர், அனியூரிசம் என்று இருந்தது. "வெடிச்சிடுமா டாக்டர்?" என்று மகன்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

தொப்புளுக்கு மேலே ஸ்கேன் கருவியின் ப்ரோபைக் குறுக்காக வைத்து முதலில் முதுகெலும்பைத் தேடினேன். வெள்ளை வளைவும் அதன் பின்னே கருநிழலும் தெரிந்தால், அதற்கு முன்னால் சற்று இடப்பக்கம் துடிப்பதுதான் பெருந்தமனி. குடலில் காற்று மறைத்தது. மெதுவாக அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தால் பெரும்பாலும் விலகும், அன்றைக்கும் விலகியது.

தெரிந்தது வட்டம் இல்லை, முட்டை வடிவம். முன்னும் பின்னுமாக 2.6, பக்கவாட்டில் 3.2. பழைய படத்தைப் பார்த்தேன்: அளவுக்குறிகள் பக்கவாட்டில்தான் இருந்தன. வயதானால் இந்தத் தமனி நீண்டு பக்கத்தில் வளைந்துவிடும். வாழைத்தண்டைச் சாய்வாக நறுக்கினால் வில்லை நீள்வட்டமாக வருமே, அதே கதைதான். ப்ரோபைத் தமனியின் போக்குக்குச் செங்குத்தாகத் திருப்பியதும் வட்டமாகிவிட்டது. எப்படி அளந்தாலும் 2.6. நீளவாக்கில் பார்த்தபோதும் இரு சுவர்களும் இணையாகவே ஓடின, எங்கும் உப்பல் இல்லை. அனியூரிசம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் 2.6 கொஞ்சம் விரிந்த தமனிதான், பீடியை விடுங்கள், பிறகு ஒருமுறை பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

முன்-பின் அளவை நம்புவதற்குக் காரணம் உண்டு. ஒலி அலை முன்சுவரிலும் பின்சுவரிலும் நேராக மோதுவதால் அந்த விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். பக்கச் சுவர்கள் மங்கலாகவே வரும். அங்கே குறி வைப்பது பாதி ஊகம்.

இதைவிட எனக்குப் பயம் எதிர்த்திசைத் தவறுதான். வீங்கிய தமனியின் உட்சுவரில் ரத்தக்கட்டி படிந்து, நடுவில் மட்டும் ரத்தம் ஓடும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் அந்த ஓட்டப்பாதை மட்டும் அழகாக நிரம்பும். அதை அளந்தால் 2 சென்டிமீட்டர், எல்லாம் சரி என்று ரிப்போர்ட் போய்விடும். வெளிச்சுவர் 4.5இல் இருக்கலாம். அதனால் கலரை அணைத்து, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கெயினைக் கொஞ்சம் ஏற்றி, சாம்பல் நிறப் படிவுக்கு அப்பால் சுவர் எங்கே என்று தேடிய பிறகே குறி வைப்பேன்.

அதிலும் ஒரு சிக்கல். நான் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளக்கிறேன். இங்கிலாந்தின் பரிசோதனைத் திட்டத்தில் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்கிறார்கள். ஒரே ஆளுக்குச் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். எப்படி அளந்தேன் என்று ரிப்போர்ட்டில் எழுதாவிட்டால், அடுத்த முறை அளப்பவர் வளராத தமனியை வளர்ந்துவிட்டதாக எழுதிவிடுவார்.