எந்தச் சார்புக்கும் பொருந்திவிடும் நிரூபணம்

முதலாண்டு மாணவர்களுக்குத் தனிநிலைக் கணிதம் நடத்துவதும் அவர்களுடைய விடைத்தாள்களைத் திருத்துவதும்தான் என் வேலை. சார்புகள் பாடம் வந்தால் கட்டில் பாதித் தாள்களில் என்ன இருக்கும் என்று பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கேள்வி சாதாரணமானது: முழுக்களிலிருந்து முழுக்களுக்குப் போகும் f(n) = 3n + 2 ஒன்றுக்கொன்றானது, அதாவது வெவ்வேறு உள்ளீடுகளுக்கு வெவ்வேறு வெளியீடுகளையே தரும், என்று நிரூபிக்கவும். வரும் விடை இது: “x = y என்க. எனவே 3x = 3y. எனவே 3x + 2 = 3y + 2. எனவே f(x) = f(y). ஆகவே f ஒன்றுக்கொன்றானது.”

இதில் எந்த வரியிலும் தவறு இல்லை. சிவப்புப் பேனாவை எங்கே வைப்பது என்று புதிதாகத் திருத்த வருபவர்கள் திணறுவதும் அதனால்தான். இப்படி எழுதியவரிடம் நான் வரையறையைப் பற்றிப் பேசுவதில்லை. “இதே நிரூபணத்தை g(n) = 0 என்ற சார்புக்கு எழுதிக் காட்டு” என்பேன். x = y என்க; எனவே g(x) = g(y); ஆகவே g ஒன்றுக்கொன்றானது. எல்லா முழுக்களையும் பூஜ்யத்தில் கொண்டுபோய்த் தள்ளும் சார்புக்குக்கூட நிரூபணம் தடையில்லாமல் ஓடிவிடுகிறது! ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு என்பது சார்பு என்றாலே உள்ள பண்பு. மாணவர் நிரூபித்திருப்பது f ஒரு சார்பு என்பதை மட்டும்தான்.

அப்புறம்தான் வரையறையைப் பலகையில் எழுதுவேன்: எந்த x, y-ஐ எடுத்தாலும், f(x) = f(y) என்றால் x = y.

∀x ∀y ( f(x) = f(y) → x = y )

அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பதை வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், வலப்பக்கம் போய்ச் சேர வேண்டும். 3x + 2 = 3y + 2 என்க. இரண்டைக் கழித்தால் 3x = 3y. மூன்றால் வகுத்தால் x = y. மேலே இருந்த அதே வரிகள்தான், தலைகீழாக. ஆனால் இந்தத் திசையில் “மூன்றால் வகுத்தால்” என்ற இடத்தில் நிஜமான வேலை நடக்கிறது. g-க்கு இதை எழுதப் பார்த்தால் 0 = 0 என்பதிலிருந்து x = y-க்கு வழியே கிடையாது. பொய்யான இடத்தில் நிரூபணம் நின்றுவிட வேண்டும், அப்போதுதான் அது நிரூபணம்.

எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தால் கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. h(n) = n² + n என்று எடுத்தால், h(x) = h(y) என்பது (x − y)(x + y + 1) = 0 என்று வந்து நிற்கும். ஒன்று x = y, அல்லது x + y = −1. மதிப்பகம் 0, 1, 2, … என்று இருந்தால் இரண்டாவது நடக்காது, நிரூபணம் முடிந்தது. முழுக்கள் எல்லாம் என்றால் நடக்கும்: h(0) = h(−1) = 0. தடுக்கிய இடமே எதிர்எடுத்துக்காட்டைக் கையில் கொடுத்துவிடுகிறது.

மேல் சார்பு என்று நிரூபிப்பதிலும் இதே நோய்தான், வேறு உடுப்பில் வரும். “ஏதேனும் ஒரு a எடுத்துக்கொள்வோம். f(a) ஒரு முழு. ஆகவே f மேல் சார்பு.” மறுபடியும் g(n) = 0-ஐப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மறுபடியும் தடையில்லாமல் ஓடும். வரையறை கேட்பது வேறு, ஒவ்வொரு b-க்கும் f(a) = b ஆகுமாறு ஓர் a இருக்க வேண்டும்:

∀b ∃a ( f(a) = b )

இதை இரண்டு பேர் ஆடும் ஆட்டமாகச் சொல்லித்தருவது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. ∀ எதிராளியின் முறை, ∃ நம் முறை. துணை மதிப்பகத்திலிருந்து அவர் ஒரு b-ஐ வைக்கிறார், எதை வேண்டுமானாலும். அதைப் பார்த்த பிறகு நாம் a-ஐ எடுத்து வைக்கிறோம். நாம் பின்னால் ஆடுவதால் நம் a, b-ஐச் சார்ந்து இருக்கலாம். முறையை மாற்றி ∃a ∀b என்று எழுதினால், ஒரே ஒரு a எல்லா b-க்கும் போய்ச் சேர வேண்டும் என்றாகிவிடும். முழுக்களில் எந்தச் சார்பாலும் அது முடியாது.

இதை நடத்த நான் எப்போதும் எடுப்பது இரண்டு உள்ளீடுகள் கொண்ட சார்பு: f(m, n) = 2m + 3n. முழுக்களின் சோடியை வாங்கிக்கொண்டு ஒரு முழுவைத் தருகிறது. இது மேல் சார்பா? எதிராளி b-ஐ வைத்துவிட்டார். 2m + 3n = b ஆகுமாறு ஒரு சோடி வேண்டும். ஓரத்தில் கிறுக்கிப் பார்க்கலாம்: 3 − 2 = 1. ஒன்று கிடைத்துவிட்டால் அதை b மடங்காக்கினால் போதும். இனி நிரூபணம்: b ஏதேனும் ஒரு முழு என்க. m = −b, n = b என எடுத்துக்கொள்வோம். இரண்டும் முழுக்கள். f(−b, b) = −2b + 3b = b. அவ்வளவுதான்.

“(−b, b) எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டாமா சார்?” என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். வேண்டாம். கிறுக்கல் தாள் தேடுவதற்கு; நிரூபணம் கிடைத்ததைச் சரிபார்ப்பதற்கு. ஆனால் “இரண்டும் முழுக்கள்” என்ற சின்ன வரியை விட்டால் மதிப்பெண் குறைப்பேன். எடுத்த ஆள் மதிப்பகத்தைச் சேர்ந்தவர்தானா என்று பார்ப்பதும் சரிபார்ப்பில் அடக்கம். ஒரு மாணவி b = 7-க்கு (2, 1) என்ற சோடியும் சரியாக வருகிறதே, (−7, 7) மட்டும்தான் விடை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். அப்படி யாரும் சொல்லவில்லை; ∃ கேட்பது ஒன்றாவது. ஆனால் அவர் பிடித்தது நல்ல இடம். ஒரே 7-க்கு இரண்டு சோடிகள் போகின்றன என்றால் f ஒன்றுக்கொன்றானது அல்ல என்பதற்கு அதுவே சான்று.

மறுப்பதில்தான் கடைசிச் சறுக்கல். 3n + 2 மேல் சார்பு அல்ல என்று காட்ட, பலர் “n = (b − 2)/3, இது முழு அல்ல” என்று எழுதி முடித்துவிடுவார்கள். b = 5 என்றால் n = 1, முழுதான். மறுக்கும்போது ∀b ∃a என்பது ∃b ∀a ஆகப் புரள்கிறது: f(a) ≠ b. இப்போது b-ஐ வைப்பது நம் பொறுப்பு, அதுவும் பெயர் சொல்லி. b = 0 என்போம். எந்த முழு n-ஐ எடுத்தாலும் 3n + 2-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2. பூஜ்யத்தை வகுத்தால் மீதி 0. ஆகவே 3n + 2 ஒருபோதும் 0 ஆகாது.

இதை முடித்ததும் 4m + 6n-ஐக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். (−b, b) பழக்கத்தில் சிலர் உடனே போட்டுப் பார்ப்பார்கள்; −4b + 6b = 2b என்று வரும், b வராது. வேறு சோடியைத் தேடிச் சிலர் பக்கம் நிரப்புவார்கள். சற்று நேரத்தில் யாராவது ஒருவர், m, n எதுவானாலும் இது இரட்டைப்படைதானே வரும் என்று கேட்பார். அப்படியானால் b-ஐ நீயே வை என்பேன். பெரும்பாலும் 1 என்று பதில் வரும்.